பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டதும் படுத்துவிட்ட கோடு

ஓசூர் வாசகர்:
ஊருக்கு வெளியே ஓர் அலுவலகக் கட்டடம். அதன் ஏசி வெப்பத்தை, குழிகளில் இறக்கிய குழாய் நீர் வழியே மண்ணுக்குள் விடுவது திட்டம். எத்தனை குழி வேண்டும் என்று அறிய, ஒரு குழியில் சூடாக்கிய நீரைச் சுற்றவிட்டு, மண் எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது என்று சோதித்தேன். 100 மீட்டர் போர், 6 கிலோவாட் ஹீட்டர், 50 மணி நேரச் சோதனை. முப்பதாவது மணி வரை நீரின் வெப்பநிலை, நேரத்தை மடக்கை அளவில் வைத்தால், நேர்கோடாக ஏறியது. விடியற்காலையில் மும்முனை மின்சாரம் வந்ததும் பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அரை மணிக்குள் திரையில் கோடு படுத்துவிட்டது. பாறை வெடிப்பு வழியே நீர் எங்கள் குழியைக் கடந்து ஓடியிருக்கிறது. முதல் 10 மணி நேரத்தை விட்டுவிட்டு, முப்பதாவது மணி வரை கணக்கிட்டால் மண்ணின் வெப்பக் கடத்துத்திறன் 3.0. முழுவதையும் சேர்த்தால் 3.9. நான் 3.9 என்றே எழுதிக் கொடுத்தேன். 25 குழி போட வேண்டிய இடத்தில் 20 போட்டார்கள். மூன்றாவது ஏப்ரலில் திரும்பி வரும் நீர் 39 டிகிரியைத் தொட்டது.

பாலக்கோடு வாசகர்:
அது நீரோட்டமாக இருக்காது. மோட்டார் போட்டால் அந்த டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தம் விழும். 10 சதவீதம் விழுந்தாலே ஹீட்டரின் திறன் 19 சதவீதம் குறையும், கோடும் படுக்கும். மற்றபடி, ஓசூர் மார்கழிக் குளிரில் மண் தானாகவே ஆறிவிடும்.

அரூர் வாசகர்:
எங்கள் 700 அடி போரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அதில் குழாய் இறக்கி வீட்டு ஏசிக்குப் பயன்படுத்தலாமா? இரண்டு வருடமாக மூடியே கிடக்கிறது.

கிருஷ்ணகிரி வாசகர்:
பாலக்கோட்டு நண்பரின் சந்தேகம் நியாயமானது. உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். நொடிக்கு 0.4 லிட்டர் ஓடினால் அது 3.6 டிகிரியிலேயே நின்றிருக்க வேண்டும். சுருங்கியிருந்தால் மின்னழுத்தம்தான் காரணம். ஆனால் மண் தானாக ஆறும் என்பதை ஏற்க மாட்டேன். குளிர்காற்று மேல்மண்ணைத்தான் தொடும், 50 மீட்டர் ஆழத்துக்கு எட்டாது.

39 டிகிரிக்கு 3.9 மட்டும் காரணமல்ல. இங்கே யாரும் கட்டடத்தைச் சூடாக்குவதில்லை. கட்டடத்திலிருந்து எடுக்கும் வெப்பம் ஆண்டுச் சராசரியாக 16 கிலோவாட் என்றால், கம்ப்ரசரின் 4 கிலோவாட்டும் சேர்ந்து 20 மண்ணுக்குள் போகிறது. திரும்பி எதுவும் வருவதில்லை. 2,000 மீட்டருக்கு அது மீட்டருக்கு 10 வாட். கடத்துத்திறன் 3, இடைவெளி 6 மீட்டர் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். நடுக்குழி சுற்றியுள்ள குழிகளால் மட்டும் மூன்றாண்டில் சுமார் 5 டிகிரி, பத்தாண்டில் சுமார் 10 டிகிரி சூடேறும். ஐந்து குழி கூடுதலாகப் போட்டிருந்தால் இது தள்ளிப் போயிருக்கும், நின்றிருக்காது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் அதே நீரை மாடியில் விசிறி வைத்த குளிர்விப்பானில் சுற்றவிட்டு, மண்ணின் வெப்பத்தை வெளியே எடுங்கள்.

ஓசூர் வாசகர்:
பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். வித்தியாசம் 3.6-லேயே நின்றிருக்கிறது, ஆகவே நீரோட்டம்தான். ஆனால் போன கோடையில் அந்தத் தோட்டத்துக் கிணறே வற்றிவிட்டது. மழைக்குப் பிறகு ஊற்று திரும்பினால் எந்த எண்ணை வைத்து மீண்டும் கணக்குப் போடுவது?