கலைச்சொல் விவாதம்: ‘ஸ்ட்ரக்சர்டு டேட்டா மார்க்கப்’ – தமிழில் என்ன?

மணிமேகலை:

அனைவருக்கும் வணக்கம். சிறு வணிகர்களுக்கான இணையப் பாடநூல் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். கூகுளில் ஒரு பொருளைத் தேடினால் சில இணைப்புகளின் கீழே மட்டும் விலையும் நட்சத்திரங்களும் தெரிகின்றன அல்லவா? அதற்காகப் பக்கத்துக்குள் எழுதிவைக்கும் ஸ்ட்ரக்சர்டு டேட்டா மார்க்கப்பை வரைவில் ‘கட்டமைக்கப்பட்ட தரவுக் குறியிடல்’ என்று எழுதியிருக்கிறோம். ஒரே பத்தியில் நான்கு முறை வந்தால் படிப்பவருக்கு மூச்சு வாங்கும். ‘கட்டமைப்பு’ என்றதும் சாலையும் பாலமும்தான் நினைவுக்கு வருகின்றன. கடைக்காரர் ஒருவர் தயங்காமல் சொல்லக்கூடிய சொல் வேண்டும்.

இளங்கோ:

அம்மா, வணக்கம். வேலையைப் பார்த்துப் பெயர் வைப்பதே நம் மரபு. பக்கத்துக்கு நட்சத்திர மதிப்பைக் கொடுத்து, தேடலில் அதை மேலே ஏற்றுவது இதன் வேலை. எனவே ‘மதிப்புக்குறி’ என்று முன்மொழிகிறேன். சிறியது, புணர்ச்சியிலும் இடறல் இல்லை.

செல்வகுமார்:

இளங்கோ ஐயா, வேலையைப் பார்த்துப் பெயர் வைக்கலாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் இதன் வேலை அதுவன்று. இதை எழுதியதால் மட்டும் பக்கம் மேலே ஏறுவதில்லை. அதே இடத்தில் இருக்கும் இணைப்பு கூடுதல் விவரத்தோடு தெரிவதற்கான தகுதி மட்டுமே கிடைக்கிறது. காட்டுவதா வேண்டாமா என்பது தேடுபொறியின் கையில். எல்லாவற்றையும் சரியாக எழுதியும் நட்சத்திரம் வராத பக்கங்கள் ஏராளம்.

ஆகவே இங்கே பெயர் வைக்க வேண்டியவை இரண்டு. நாம் பக்கத்தில் எழுதுவது ஒன்று. தேடுபொறி காட்டுவது, அதாவது ரிச் ரிசல்ட், இன்னொன்று. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், ‘எழுதிவிட்டேன், ஏன் வரவில்லை?’ என்ற கேள்வியிலேயே வாசகர் நின்றுவிடுவார்.

‘குறியிடல்’ பற்றியும் ஒரு வார்த்தை. 2009 மே மாதத்தில் கூகுள் இவ்வகை முடிவுகளைக் காட்டத் தொடங்கியபோது, பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் விலையைச் சுற்றியே குறிகள் இடப்பட்டன. அன்றைக்கு அது குறியிடல்தான். 2011 ஜூனில் கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து schema.org என்ற பொதுச் சொற்பட்டியலைத் தொடங்கின. அதன்பின் JSON-LD என்ற எழுதும் முறை பரவியது. அதில் விலையைச் சுற்றி எதுவும் இடுவதில்லை. பக்கத்தின் ஓரிடத்தில் தனித் துண்டாக, ‘இது ஒரு பொருள், பெயர் இது, விலை இது’ என்று எழுதிவைக்கிறோம். எழுத்தின் மேல் குறி போடவில்லை. எழுத்தைப் பற்றித் தனியாக ஒரு வாக்குமூலம் கொடுக்கிறோம். கண்ணுக்குத் தெரியும் விலையும் வாக்குமூலத்தில் இருக்கும் விலையும் பிரிந்துபோகும் ஆபத்து அங்கேதான் பிறக்கிறது.

காவேரி:

செல்வகுமார் அண்ணா, சொல் எதுவானாலும் சரி, என் கடைக்கு வழி சொல்லுங்கள். நாச்சியார்கோவிலில் அப்பாவின் விளக்குக் கடைக்காக இணையதளம் வைத்திருக்கிறோம். நீங்கள் சொல்லும் துண்டை எழுதியாகிவிட்டது. `"price": "₹1,250"` என்று போட்டிருக்கிறேன். விலை வரவே இல்லை. தமிழ்த் தளம் என்பதால் ௧௨௫௦ என்று தமிழ் எண்ணில் எழுத வேண்டுமா?

செல்வகுமார்:

காவேரி, தமிழ் எண் வேண்டாம். விலைக்கு 0 முதல் 9 வரையிலான எண்களையே பயன்படுத்த வேண்டும் என்று schema.org சொல்கிறது. ரூபாய்க் குறியும் ஆயிரத்தைப் பிரிக்கும் காற்புள்ளியும் எண்ணுக்குள் வரக்கூடாது. சில நாடுகளில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி. அதனால் 1,250 என்பதை எந்திரம் ஒன்றேகால் என்றும் படிக்கலாம். நாணயத்தைத் தனி வரியில் சொல்லுங்கள்:

```json
{
  "@context": "https://schema.org",
  "@type": "Product",
  "name": "பித்தளைக் குத்துவிளக்கு, 12 அங்குலம்",
  "offers": {
    "@type": "Offer",
    "price": "1250.00",
    "priceCurrency": "INR",
    "availability": "https://schema.org/InStock"
  }
}
```

இடப்பக்கச் சொற்கள் மாறாதவை. விளக்கின் பெயர் தமிழிலேயே இருக்கலாம். பக்கத்தில் வாடிக்கையாளர் பார்க்கும் இடத்தில் ₹1,250 என்று அழகாகவே இருக்கட்டும். முகவரியைக் கூகுளின் Rich Results Test கருவியில் கொடுத்துப் பாருங்கள். எழுதும் முறையில் உள்ள பிழையையும் விடுபட்ட விவரத்தையும் அது காட்டிவிடும். ஆனால் விலை உண்மையா என்று அதற்குத் தெரியாது. ஆடித் தள்ளுபடிக்கு 1,100 என்று பக்கத்தில் மாற்றிவிட்டு இந்தத் துண்டில் 1250 என்றே விட்டுவிட்டாலும் கருவி பச்சை விளக்குக் காட்டும். தேடலில் ஒரு விலை, கடையில் ஒரு விலை என்றால் வருபவரின் நம்பிக்கை போய்விடும். விலை ஓரிடத்தில் மட்டும் சேமிக்கப்பட்டு, பக்கமும் துண்டும் அங்கிருந்தே எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

காவேரி:

மாற்றிவிட்டேன், கருவியில் பிழை இல்லை. இனி நட்சத்திரம். கடையைப் பாராட்டி வாடிக்கையாளர்கள் எழுதியவற்றை முகப்பில் போட்டிருக்கிறோம். அவற்றைக் கூட்டி 4.8 என்று கடையின் பெயருக்கு எழுதலாமா?

செல்வகுமார்:

எழுதினாலும் பயன் இல்லை. ஒரு நிறுவனம் தன் தளத்திலேயே தன்னைப் பற்றிய மதிப்பீடுகளை வெளியிட்டால் அவற்றுக்கு நட்சத்திரம் காட்டுவதில்லை என்று 2019 செப்டம்பரில் கூகுள் முடிவு செய்தது. அது நல்ல முடிவு என்பதே என் கருத்து. தனக்குத் தானே ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொண்ட தளங்கள் அப்போது மலிந்திருந்தன. ஆனால் 12 அங்குல விளக்கை வாங்கியவர்கள் அந்த விளக்கைப் பற்றி எழுதியிருந்தால், அதே பக்கத்தில் அந்த மதிப்பீடுகள் கண்ணுக்குத் தெரிந்தால், `aggregateRating` எழுதலாம். சராசரியோடு எத்தனை பேர் மதிப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இல்லாத மதிப்பீட்டைத் துண்டில் மட்டும் எழுதாதீர்கள். கண்டுபிடித்தால் கூடுதல் விவரம் பெறும் தகுதியையே பறித்துவிடுவார்கள். தளம் வைத்திருப்பவர்களுக்காகக் கூகுள் தரும் Search Console-இல் அதற்கான அறிவிப்பு வரும்.

மணிமேகலை:

காவேரியின் கேள்வி எனக்கே வழி காட்டிவிட்டது. எழுதுவது பொருளின் பண்புகளை: பெயர், விலை, இருப்பு, மதிப்பீடு. அதற்குப் ‘பண்புக்குறிப்பு’ என்கிறேன். குறியிடல் இல்லை, குறிப்பு. தேடலில் தெரிவதற்கு ‘விரிமுடிவு’. வினைத்தொகையாக இருப்பதால் விரிந்தது, விரிகிறது, விரியும் என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். விரிந்தே தீரும் என்ற உறுதியை அது தருவதில்லை.

இளங்கோ:

வினைத்தொகை அருமை, மனமார ஏற்கிறேன். ஆனால் ‘முடிவு’ இடிக்கிறது. ‘விரிமுடிவு’ என்றால் முடிவு சொல்லாமல் விட்ட சிறுகதை என்று என் மாணவர்கள் எண்ணுவார்கள். ‘விரிவரவு’ எப்படி? தேடி வருவது விரிந்து வருகிறது. என் ‘மதிப்புக்குறி’யையும் முழுதாகக் கைவிட மனமில்லை. `aggregateRating` என்ற அந்த ஒரு வரிக்கு அது பொருந்தும்.

செல்வகுமார்:

‘வரவு’ என்றதும் கடைக்காரர் வரவு செலவைத்தான் நினைப்பார். ‘தேடல் முடிவு’ ஏற்கெனவே நிலைத்த சொல், அதிலிருந்து விலக வேண்டாம். ‘பண்புக்குறிப்பு’ எனக்குச் சம்மதம். ஒரே தயக்கம்: பழைய முறையில் விலையைச் சுற்றிக் குறியிடும் தளங்கள் இன்னும் இருக்கின்றன. அதையும் பண்புக்குறிப்பு என்றே சொல்வதா, அதற்கு மட்டும் ‘பண்புக்குறியிடல்’ என்பதா?

மணிமேகலை:

இந்தப் பதிப்பில் இரண்டுக்கும் பண்புக்குறிப்பு என்றே போடுகிறேன். ‘விரிமுடிவு’ வரைவில் இருக்கட்டும். அச்சுக்குப் போகும் முன் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். காவேரி, உங்கள் விளக்குப் பக்கத்தை எடுத்துக்காட்டாகச் சேர்க்க அப்பாவிடம் அனுமதி கேட்டுச் சொல்லுங்கள்.