நம்ம வீட்டு குரூப்: செல்வி அத்தை சொன்ன பொண்ணு

செல்வி அத்தை: ஸ்கூல்ல நேத்து உயரம் வெயிட் எடுத்தோம், ஒரு புள்ள மனசுலயே நிக்குது. மூணாங்கிளாஸ் பொண்ணு, பேரு வேணாம். 123 சென்டி. பாத்தா யாரும் குள்ளம்னு சொல்ல மாட்டாங்க. ஆனா பழைய நோட்ட புரட்டினா போன ஜூலைல 121.5, அதுக்கு முந்தின ஜூலைல 115.5. ஒரு வருஷம் 6 சென்டி வளந்தவ அடுத்த வருஷம் ஒன்றரைதான்

கணேசன் சித்தப்பா: அளந்ததுல தப்பு இருக்கும்க்கா. இல்லன்னா பரம்பரை, அப்பா அம்மா குட்டையா இருப்பாங்க

செல்வி அத்தை: நானும் அப்டிதான் நெனச்சேன் தம்பி. நேத்து அளந்தது மத்தியானம், காலைக்கு அப்புறம் கொஞ்சம் கொறையும்ல, அதான் இன்னிக்கு பிரேயர் முடிஞ்சதும் அவள மட்டும் கூப்ட்டா கூச்சப்படுவான்னு இன்னும் நாலு பேர சேத்து கூப்ட்டு, கிளிப்ப கழட்டி, குதிகால் சுவத்துல ஒட்ட நிக்க வச்சு மூணு தடவ எடுத்தேன். 123.2. பரம்பரைன்னா குட்டையா இருந்தாலும் வருஷம் 5 சென்டி கிட்ட ஏறிட்டே இருக்கணும்

மாலா அண்ணி: அத்தை எங்க கவினும் சாப்டவே மாட்றான், அதான் வளரலயா 😟

செல்வி அத்தை: அது வேற மா. சாப்பாடு பத்தலன்னா மொதல்ல வெயிட்டு அடிவாங்கும். இவளுக்கு 22 கிலோ 26 ஆயிருக்கு. போன வருஷ பாவாடை நீளம் இன்னும் சரியா இருக்கு, இடுப்புல கொக்கி எட்டாம ஊக்கு குத்திருக்கு. கை சொரசொரன்னு இருக்கு. அவ அம்மா, மோஷன் நாலு நாளைக்கு ஒருக்காதான், ஃபேன் போட்டா போர்வை கேக்குறான்னாங்க

பிரியா: தைராய்டா?? எனக்கு முப்பதுலதான் வந்துச்சு, சின்னப்புள்ளைக்குன்னா பொறந்தப்பவே தெரியாதா

செல்வி அத்தை: நடுவுலயும் வரும். நான் பேரு வைக்கல, டாக்டர் தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் ரத்த டெஸ்ட்டும், எலும்பு எவ்ளோ வளந்துருக்குன்னு பாக்க இடது மணிக்கட்டு எக்ஸ்ரேவும் எழுதிருக்காரு. அதுவா இருந்தா மாத்திரைல மறுபடி வளரும், லேட்டானா விட்டதெல்லாம் திரும்பாது

கணேசன் சித்தப்பா: டீச்சர் யாரும் கவனிக்கலயா

செல்வி அத்தை: சத்தமே போடாத நல்ல பொண்ணுங்கறாங்க. அம்மாக்கு புள்ள பூசினாப்ல இருக்குன்னு சந்தோஷம் வேற. காய்ச்சலும் இல்ல தலவலியும் இல்ல எதுக்கு ரத்தம், திங்கக்கிழம நூறு நாள் வேலை போயிடும்ங்குது. நானே கூட பஸ்ல வரேன்னுருக்கேன், வருதான்னு பாக்கணும்

மாலா அண்ணி: அத்தை கவின கதவுல நிக்க வச்சு அளந்துட்டேன், 109. ஓகேவா?

செல்வி அத்தை: ஒரு அளவ வச்சு வளருதா இல்லயான்னு எப்டி மா சொல்றது. அங்கயே கோடு போட்டு தேதி எழுது, ஆறு மாசம் கழிச்சு இதே மாதிரி காலைல அள

கணேசன் சித்தப்பா: போன வாரம்தான் பெயிண்ட் அடிச்ச கதவு 😡