லட்டுப் பாகு: தெர்மாமீட்டர் 105 காட்டியும் ஏன் கல்லாகிறது? ஒரு கம்பிப் பதத்தைத் தொட்டுக் கண்டுபிடிப்பது எப்படி?

மலையடுப்பு (கேள்வி)

வணக்கம். நான் இருப்பது கொடைக்கானலில். மூன்று வாரமாகப் பூந்தி லட்டு போட்டுப் பார்க்கிறேன், மூன்று முறையும் கெட்டுவிட்டது. ஒவ்வொரு முறையும் அரைக் கிலோ சர்க்கரைக்குக் கால் லிட்டர் தண்ணீர் வைத்தேன். ஒரு கம்பிப் பாகு என்றால் 105 டிகிரி என்று படித்ததால் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். முள் 105-ஐத் தொட்டதும் அடுப்பை அணைத்து, வறுத்து வைத்த பூந்தியைக் கொட்டிக் கிளறுகிறேன். பத்து நிமிடத்தில் பூந்தி மேல் வெள்ளையாகச் சர்க்கரை பூத்துவிடுகிறது. பிடித்தால் உருண்டை நிற்பதில்லை. எப்படியோ அமுக்கிப் பிடித்தாலும் மறுநாள் பல்லுக்குக் கேட்பதில்லை.

என் அம்மாவைப் பெற்ற பாட்டி விரலால் தொட்டே பதம் சொல்வார். அவர் இருந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லை, இப்போது கேட்க அவர் இல்லை. தீபாவளிக்கு அவர் படத்துக்கு முன்னால் அவருடைய லட்டை வைக்க வேண்டும் என்று ஆசை. எங்கே தவறுகிறேன்?

கும்பகோணத்து மருமகள்

பாகைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கையால் உருட்டினால் தக்காளி மாதிரி மெத்தென்று திரளணும். எங்கள் வீட்டில் அதிரசத்துக்கு அப்படித்தான் பார்ப்போம். வெல்லம் புது வெல்லமா, பழசா? போன வருஷம் எனக்குப் பழைய வெல்லம் வாங்கி அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோனது.

மலையடுப்பு

நன்றி அக்கா. ஆனால் இது வெல்லமில்லை, சர்க்கரைப் பாகு, லட்டுக்கு.

சமையலறைக் கணக்கு

தெர்மாமீட்டர் பொய் சொல்கிறது, அவ்வளவுதான். சோதிக்க எளிய வழி இருக்கிறது. வெறும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு அதில் நுனியை முக்குங்கள், பாத்திரத்தின் அடியில் படக்கூடாது. 100 காட்டவில்லை என்றால் அது பழுது. திருப்பிக் கொடுத்து வேறு வாங்குங்கள்.

மலையடுப்பு

செய்து பார்த்தேன். 93-க்கு மேல் ஏறவே இல்லை, ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டும். அப்படியானால் பழுதுதானா? கடையில் நாளை மாற்றிக்கொள்கிறேன்.

வகுப்பறைக்கரும்பலகை

மாற்றாதீர்கள், உங்கள் கருவி சரியாகத்தான் இருக்கிறது! கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். அந்த உயரத்தில் 93 என்பது சரியான அளவு.

உங்கள் பிரச்சினையே இங்கேதான் இருக்கிறது. பாகு என்பது சர்க்கரை கரைந்த தண்ணீர். தண்ணீர் வற்ற வற்றச் சர்க்கரை கூடும், கொதிக்கும் சூடும் ஏறும். ஒரு கம்பிப் பதத்தில் பாகு வெறும் தண்ணீரைவிடச் சுமார் 5 டிகிரி கூடுதலாகக் கொதிக்கிறது. கடலோரத்தில் அது 105. உங்கள் ஊரில் 93-உடன் 5 சேர்த்து 98. நீங்கள் 105 வரை காத்திருந்தபோது 12 டிகிரி ஏறிவிட்டது. கீழே சமவெளியில் பாகை 112 வரை காய்ச்சியதற்குச் சமம். அது கம்பியைத் தாண்டி, தண்ணீரில் விட்டால் உருண்டையாகத் திரளும் பதம். லட்டு கல்லானதில் வியப்பில்லை.

அரைக் கிலோ சர்க்கரையில் இந்த இரண்டு பதத்துக்கும் நடுவே வற்றும் தண்ணீர் ஏறத்தாழ 100 கிராம்தான். நல்ல தீயில் இரண்டு மூன்று நிமிட வேலை. அதனால்தான் கண் அசந்தால் தாண்டிவிடுகிறது.

சமையலறைக் கணக்கு

உயரத்தை நான் யோசிக்கவில்லை, மன்னிக்கவும். கொதிநீரில் சோதிப்பதை மட்டும் விடாதீர்கள். கருவி உண்மையிலேயே பழுதாகி 93 காட்டினாலும் அதே 5-ஐக் கூட்டினால் போதும்.

தாமிரபரணிக்கரை

உங்கள் பாட்டியிடம் கேட்க முடியவில்லை என்று எழுதியிருந்தது மனசில் தைத்தது. எங்கள் ஆச்சி எனக்குக் கற்றுக்கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கு உதவலாம்.

எனக்கு அப்போது பதினொரு வயசு. எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆச்சிக்கு இரண்டு கண்ணிலும் புரை. கம்பி நீள்வதை அவளால் பார்க்க முடியாது. ஆனாலும் தெருவில் யார் வீட்டு விசேஷத்துக்கு லட்டு என்றாலும் பாகு பார்க்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், "ஏட்டி, இங்கன வா, உக்காரு" என்று அடுப்பங்கரைக்கு அழைத்தாள்.

சின்ன உருளியில் ஒரு டம்ளர் சீனி, அரை டம்ளர் தண்ணீர். விறகடுப்பு. சீனி கரைகிற வரை கிண்டினாள், கரைந்ததும் கரண்டியை எடுத்துத் தனியாக வைத்துவிட்டாள். "இனிமே கிண்டப்படாது. கிண்டினா ஓரத்துல பூத்துப்போவும்." ஒரு கரண்டி பால் ஊற்றினாள். அழுக்கு நுரையாகத் திரண்டு வர, அதை வழித்து எடுத்தாள்.

கொதி வந்து கொஞ்ச நேரத்தில் விறகை வெளியே இழுத்தாள். ஒவ்வொரு முறை தொடும் முன்பும் விறகை இழுப்பாள், பார்த்ததும் திரும்பத் தள்ளுவாள். நாம் தொட்டுப் பார்க்கிற நேரத்திலும் உருளியில் பாகு முற்றிக்கொண்டுதான் இருக்கும், அதற்குத்தான். கரண்டியை முக்கி எடுத்துச் சாய்த்தாள். பாகு வழிந்துபோய்க் கடைசிச் சொட்டு விளிம்பில் தொங்கியது. "அதத் தொடு."

தொட்டேன், சுட்டது. பயத்தில் விரலைப் படக்கென்று பிரித்தேன். ஒன்றுமே வரவில்லை, பாகு தண்ணீராக ஓடியது. "சூட்டுல எதுவும் கம்பி வராது. அஞ்சு எண்ணு." எண்ணிவிட்டு ஆட்காட்டி விரலில் எடுத்துக் கட்டைவிரலோடு சேர்த்தேன். ஒட்டியது. "இது பிசுக்கு. லட்டுக்கு ஆவாது. பூந்தி நமுத்துப்போவும்."

இரண்டாம் முறை ஒரு கம்பி வந்தது, ஆனால் அரை விரல் தூரம்கூட வராமல் அறுந்தது. வந்துவிட்டது என்று நான் குதித்தேன். ஆச்சி தலையை ஆட்டினாள். "கண்ண மூடு. விரலு என்ன சொல்லுதுன்னு கேளு." கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகப் பிரித்தேன். பாகு வழுக்கிக்கொண்டு போனது, விரலைப் பிடித்து இழுக்கவில்லை. "இழுக்கலையில்ல? அப்ப வரல."

மூன்றாம் முறை கண்ணை மூடியபடியே எனக்குத் தெரிந்துவிட்டது. விரல் நுனிகள் பிரியும்போது மெல்லிய ஒரு பிடிப்பு, தலைமுடி ஒன்று இரண்டு விரலுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மாதிரி. கண்ணைத் திறந்தேன். ஒரு அங்குலம் நீண்டு, அறுபடாமல், நடுவில் லேசாகத் தொய்ந்து நின்றது. ஆச்சி என் விரலைத் தன் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுதாம்டி" என்றாள்.

அத்தோடு விடவில்லை. வேண்டுமென்றே இன்னும் கொதிக்கவிட்டாள். இப்போது பிரித்தால் இரண்டு கம்பி, அதுவும் தொய்யாமல் விறைப்பாக நின்றது. நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். அவள் கையில் தண்ணீர் அள்ளித் தெளித்தாள், ஒரு கொதி விட்டாள், மறுபடி தொடச் சொன்னாள். பழைய ஒற்றைக் கம்பி. "முத்திட்டுன்னா பயப்படாத. தீயாத வரைக்கும் திரும்ப வரும்."

கொடைக்கானலில் என்றாலும் விரலுக்கு வேறு கணக்குக் கிடையாது. சூடு எதுவாக இருந்தாலும் சீனியும் தண்ணீரும் அந்த அளவில் சேரும்போதுதான் விரல் அந்தப் பிடிப்பை உணரும். நீங்கள் ஐந்து எண்ணுவதை மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எண்ணுங்கள். அதிக நேரம் ஆறவிட்டால் பிசுக்குப் பாகுகூடக் கம்பி மாதிரி நீண்டு ஏமாற்றும்.

இனிப்புக்கடைப் பழையவர்

முப்பது வருஷம் உருளி முன்னால் நின்றவன் சொல்கிறேன். அந்த அம்மா எழுதியது முழுக்கச் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஒரு கம்பி வந்ததும் தீயை அணைத்தால் போதாது, உருளியை அடுப்பிலிருந்து இறக்குங்கள். கனமான பாத்திரம் என்றால் அதன் சூட்டிலேயே இன்னும் முற்றும். நாங்கள் ஒரு கம்பி வரப்போகிறது என்று தெரியும்போதே இறக்கிவிடுவோம்.

கும்பகோணத்து மருமகள்

எலுமிச்சை பிழியவில்லையா? நான் ஜாமூன் பாகுக்கு நாலு சொட்டு விடுவேன், பூக்கவே பூக்காது.

இனிப்புக்கடைப் பழையவர்

ஜாமூனுக்குச் சரி. லட்டுக்கு நான் விடமாட்டேன். லட்டு பிடித்தபின் லேசாக உலர்ந்து நிற்கணும். எலுமிச்சை விட்டால் பிசுபிசுப்பு போகாது.

வகுப்பறைக்கரும்பலகை

புளிப்பு சேர்ந்தால் சர்க்கரையில் ஒரு பங்கு உடைந்து வேறு சர்க்கரைகளாகிறது, அவை மற்றதைப் படிகமாக விடாது. ஆனால் லட்டுக்கு எத்தனை சொட்டு என்று நான் சொல்லத் துணியமாட்டேன், செய்து பார்த்ததில்லை.

மலையடுப்பு

நேற்று இரவு செய்தேன். தெர்மாமீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன், ஆனால் விரலைத்தான் நம்பினேன். 95-இல் பிசுக்கு. 97-க்குக் கொஞ்சம் முன்னால் கம்பி அறுந்தது. 98-ஐத் தொடும்போது நீங்கள் சொன்ன அந்தப் பிடிப்பு! முடி மாட்டிக்கொண்ட மாதிரி, அப்படியே. உருளியை இறக்கிப் பூந்தியைக் கொட்டினேன். இளஞ்சூட்டில் பிடித்தேன், முப்பத்தாறு லட்டு வந்தது, ஒன்றுகூட உதிரவில்லை. காலையில் கடித்தால் மெத்தென்று இருந்தது. பாட்டி படத்துக்கு முன்னால் ஐந்து வைத்தேன்.

ஒரு குறை இருக்கிறது. ஏழெட்டு லட்டில் மட்டும் ஒரு பக்கம் மெல்லிசாக வெள்ளை பூத்திருக்கிறது. எலுமிச்சை விடவில்லை. கொதிக்கும்போது உருளியின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரையை நான் துடைக்கவில்லை, அது விழுந்திருக்குமோ?

இனிப்புக்கடைப் பழையவர்

இருக்கலாம். ஈரத்துணியால் ஓரத்தைச் சுற்றித் துடைத்துக்கொண்டே இருக்கணும். ஆனால் அந்த ஏழெட்டும் கடைசியில் பிடித்தவையா? பூந்தி ஆறிப்போனபிறகு பிடித்தாலும் அப்படி ஆகும்.

மலையடுப்பு

எதைக் கடைசியில் பிடித்தேன் என்று பிரித்து வைக்கவில்லை. அடுத்த முறை தனித்தட்டில் வைத்துப் பார்க்கிறேன். இன்னொரு கேள்வி. என் மகளுக்கு ஏழு வயது, நேற்று பக்கத்திலேயே நின்று தானும் தொடணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சூடு என்பதால் விடவில்லை. எப்படிக் கொடுக்கலாம்?

தாமிரபரணிக்கரை

கரண்டியில் தொடவிடாதீர்கள், அடுப்புக்கும் அவளுக்கும் நடுவே நீங்கள் நில்லுங்கள். எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு விட்டு, முதலில் நீங்கள் தொட்டுச் சூடு பாருங்கள், அப்புறம் அவளிடம் கொடுங்கள். தட்டில் சொட்டு சீக்கிரம் ஆறும், அதனால் அவளுக்கு எண்ணிக்கையை மூன்றாகக் குறையுங்கள். அவள் விரலில் வரும் கம்பியை நீங்களும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.