பாப்பா பாஸ்போர்ட்: நாலு போட்டோவில் எது தேறும்?

கோத்தகிரி அம்மா: மகளுக்கு ரெண்டரை வயது. பெரியவர்களுக்கு சேவா கேந்திராவிலேயே போட்டோ எடுத்துவிடுகிறார்கள், நாலு வயதுக்குக் கீழே என்றால் வெள்ளைப் பின்னணியில் 4.5-க்கு 3.5 செ.மீ. போட்டோவை நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஸ்டுடியோவில் பின்னணியைக் கம்ப்யூட்டரில் வெள்ளையாக்கித் தந்தார்கள். கோயம்புத்தூர் வரைக்கும் இறங்கிப்போனால், ஒரு காது நுனியே வெட்டுப்பட்டிருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் வீட்டிலேயே நாலு எடுத்தேன். முதலாவதில் பிடித்துக்கொண்டிருந்த பாட்டியின் விரல் தோளில் தெரிகிறது. ரெண்டாவது வெள்ளை ஸ்வெட்டர், நேராகப் பார்க்கிறாள். மூன்றாவது படுக்கை விரிப்பில், பல் தெரியச் சிரிப்பு. நாலாவது சுவரோரம், ஃபிளாஷ் போட்டது.

கூடலூர்: நீலத் துணியைக் கட்டி எடுங்க, எங்க பையனுக்கு அப்படித்தான் எடுத்தோம்.

குன்னூர் ஸ்டுடியோ (இப்போது கடை இல்லை): அது ஸ்கூல் அடையாள அட்டைக்குச் சரி, பாஸ்போர்ட்டுக்கு வெள்ளைதான். அம்மா, முதலில் முகத்தைப் பார்த்துக் கழியுங்க, முகம் சரியில்லாததை எதுவும் பண்ண முடியாது. மூன்றாவது அதிலேயே போச்சு. நாலாவதில் தலைக்குப் பின்னால் கறுப்பாக நிழல் விழுந்திருக்கும், சுவரை ஒட்டி உட்காரவைத்து ஃபிளாஷ் அடித்தால் வேறெப்படி விழும். முதலாவதில் விரலை வெட்டப்போனால் தோளும் சேர்ந்து போகும். மிச்சம் ரெண்டாவது.

ஊட்டி: எனக்கு அமெரிக்க விசாவுக்குக் கண்ணாடியோடு எடுத்ததைச் சேர்க்கவே இல்லை, 2016 நவம்பரிலிருந்தே கண்ணாடி கூடாதாம். அதுவும் ரெண்டு அங்குலச் சதுரம். பாப்பா கண்ணாடி போட்டிருக்கிறாளா?

கோத்தகிரி அம்மா: இல்லைங்க, குரங்குக் குல்லாய்தான், அதையும் கழற்றிவிட்டுத்தான் எடுத்தேன் 🙂

குன்னூர் ஸ்டுடியோ: ரெண்டாவதைப் பெரிதாக்கித் தோள் விளிம்பைப் பாருங்க. ஸ்வெட்டரும் வெள்ளை, சுவரும் வெள்ளை, பிரிண்ட் போட்டால் தலை மட்டும் அந்தரத்தில் நிற்கிற மாதிரி இருக்கும்.

கோத்தகிரி அம்மா: ஆமாம் சார், இடது தோளையே காணோம்!

குன்னூர் ஸ்டுடியோ: அடர்ந்த நிறத்தில் ஒன்றைப் போட்டுத் திரும்ப எடுங்க. சுவரை விட்டு மூணடி முன்னால், ஜன்னலைப் பார்த்து உட்காரட்டும், ஃபிளாஷ் வேண்டாம், போனில் முகத்தை மெழுகிவிடுகிற ஃபில்டரும் வேண்டாம். மூடுபனி நாள்தான் இதுக்கு நல்லது, வெளிச்சம் பரவி வரும், மூக்குக்குக் கீழே நிழல் விழாது. ஆனால் சுவர் கொஞ்சம் நீலம் பூத்துத் தெரியும், பக்கத்தில் வெள்ளைத் தாளை வைத்து ஒப்பிட்டுப் பாருங்க.

கொடைக்கானல்: என் பொண்ணுக்கு வாய் லேசாகத் திறந்திருந்தது, வாங்கிக்கொண்டார்களே?

குன்னூர் ஸ்டுடியோ: கவுன்டரில் இருப்பவரைப் பொறுத்தது. நான் அதை நம்பி மலையிறங்க மாட்டேன்.

கோத்தகிரி அம்மா: கருநீல ஸ்வெட்டர் ஒன்று இருக்கிறது சார். முந்தாநாள் துவைத்துப் போட்டது, நீங்கள் சொன்ன அதே மூடுபனியில் இன்னும் காயவில்லை.