‘ஆஃப்செட்’டுக்கு என்ன சொல் வைக்கலாம்?

செல்வி: வணக்கம். முன்பதிவுப் பக்கத்தைத் தமிழாக்கும்போது ஓர் இடத்தில் தடுமாறுகிறேன். ‘டைம் ஸோன்’ நேர வலயம் ஆகிவிட்டது. அதே திரையில் +05:30, -05:00 என்று ‘ஆஃப்செட்’டும் வருகிறது. அதையும் நேர வலயம் என்றே போட்டுவிடலாமா?

இளங்கோ: வேண்டாம், இரண்டும் வேறு. சென்னை வீணை ஆசிரியரிடம் டொராண்டோ மாணவி ஒருவர் சனிக்கிழமைதோறும் காலை 8 மணிக்குப் பதிகிறார் என்று வையுங்கள். 2026 மார்ச் 7 அன்று டொராண்டோ -05:00; சென்னையில் அப்போது மாலை 6.30. மறுநாள் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். 14ஆம் தேதி அதே காலை 8 மணி, சென்னையில் மாலை 5.30. -05:00 என்பதை மட்டும் சேமித்திருந்தால் ஆசிரியருக்கு 6.30 என்றே காட்டும். மாணவி ஒரு மணி நேரம் காத்துக் கிடப்பார். America/Toronto என்பதுதான் வலயம், கடிகாரம் எப்போது மாறும் என்ற விதியும் அதில் அடக்கம். ஆஃப்செட் என்பது உலகப் பொது நேரமான UTC-யிலிருந்து அந்தத் தேதியில் எவ்வளவு முன்னே, பின்னே என்று காட்டும் எண், அவ்வளவுதான். ‘நேர விலக்கம்’ எனலாம்.

ரஃபீக்: எல்லாவற்றையும் UTC-யில் சேமித்தால் இந்தத் தலைவலியே இல்லையே?

இளங்கோ: நடந்து முடிந்தவற்றுக்குச் சரி. வரப்போகும் வகுப்பை வாரந்தோறும் 13:00 UTC என்று வைத்தால், 14ஆம் தேதி மாணவிக்குக் காலை 9 ஆகிவிடும். விதியே மாறவும் கூடும்: 2023 மார்ச்சில் லெபனான் அரசு கடிகார மாற்றத்தைச் சில நாள்களுக்கு முன்புதான் தள்ளிவைத்தது, அப்புறம் அந்த முடிவையும் திரும்பப் பெற்றது. அதனால் மாணவி சொன்னதை அப்படியே வையுங்கள்:

```
local: 2026-03-14T08:00
zone:  America/Toronto
```

UTC மதிப்பை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். விதி மாறினால் மறுபடி கணக்கிட வேண்டும்.

முருகேசன்: பட்டியலில் சென்னையே இல்லையே, எதைத் தேர்ந்தெடுப்பது?

செல்வி: ஐயா, Asia/Kolkata. சில உலாவிகளில் Asia/Calcutta என்று வரும், இரண்டும் ஒன்றுதான்.

கௌரி: இலங்கையில் 2006 ஏப்ரலில் +06:00 போய் +05:30 வந்தது, Asia/Colombo என்ற பெயர் மாறவில்லை. ஆகவே இரண்டு சொல் வேண்டும் என்பது சரி. ஆனால் ‘விலக்கம்’ எனக்கு ஒட்டவில்லை, ஏதோ விலக்கு அளித்த மாதிரி இருக்கிறது. ‘நேர இடைவெளி’?

செல்வி: அது இரண்டு சந்திப்புகளுக்கு நடுவில் விடும் 10 நிமிடத்துக்கு ஏற்கெனவே போய்விட்டது. ‘நேர வித்தியாசம்’ என்றால் தனக்கும் ஆசிரியருக்கும் உள்ள வித்தியாசம் என்று எடுத்துக்கொள்வார்கள். பேசாமல் வாடிக்கையாளர் திரையிலிருந்து எண்ணையே எடுத்துவிட்டு, ‘டொராண்டோ நேரம் காலை 8.00, சென்னை நேரம் மாலை 5.30’ என்று காட்டிவிடலாமா?

இளங்கோ: பெரும்பாலான நாள்களுக்கு அது போதும். ஆனால் 2026 நவம்பர் 1 அன்று டொராண்டோவில் அதிகாலை 1.30 இரண்டு தடவை வரும். ஒன்று சென்னையின் காலை 11, மற்றது பகல் 12. அந்த இரண்டையும் பிரித்துக்காட்ட -04:00, -05:00 தேவைப்படும், அதற்கு ஒரு சொல்லும்.

கௌரி: அப்படியானால் ‘UTC வித்தியாசம்’ என்று முழுதாகவே போடுங்கள். நீளம்தான், ஆனால் எதிலிருந்து வித்தியாசம் என்று தெரிந்துவிடும்.

ரஃபீக்: பொத்தானில் இடம் பத்தாது.