ரூட் கெனாலுக்குப் போனோம், பல்லையே எடுத்துவிட்டார்கள்

குமரன்:
அம்மாவுக்கு 67 வயது. கீழ்க் கடைவாய்ப்பல்லில் மெல்லும்போது வலி. பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ரூட் கெனால் செய்தால் பல் நிற்கும் என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனவர் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார், பல் இல்லை. "உள்ளே விரிசல், நிற்காது, எடுத்துட்டேன்" என்றார் டாக்டர். வெளியே உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையெழுத்துப் போட்ட தாளில் 'தேவைப்படும் மற்ற சிகிச்சைகளுக்கும் சம்மதம்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. இப்படிச் செய்யலாமா?

டவுன் டென்டிஸ்ட்:
அந்த டாக்டர் இடத்தில் நின்று யோசியுங்கள். மரப்பு ஊசி போட்டாகிவிட்டது, பல்லைத் திறந்தாகிவிட்டது. உள்ளே பார்த்தால் விரிசல் அடி வரைக்கும் போகிறது. அந்தப் பல்லை யாராலும் காப்பாற்ற முடியாது. இரண்டு பஸ் மாறி வந்த அம்மாவைத் திருப்பி அனுப்பி, அடுத்த வாரம் மறுபடி ஊசி போட்டு எடுப்பதா? திருப்பி அனுப்பினால் அதற்கும் திட்டுவார்கள். நான் சொல்லுகிறேன், அவர் செய்த சிகிச்சையில் தப்பு இல்லை.

எண்டோ மாலா:
சிகிச்சை தப்பு என்று யார் சொன்னது? அடி வரை பிளந்த பல்லை எடுப்பதுதான் முறை, அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். எடுக்கலாமா என்று முடிவு செய்தது யார் என்பதுதான் குமரன் கேட்பது.

விரிசல் திறந்த பிறகுதான் உறுதியாகும், உண்மை. கடைவாய்ப்பல்லில் விரிசல் பெரும்பாலும் முன்னிருந்து பின்னாக ஓடும். எக்ஸ்ரேயைக் கன்னத்துப் பக்கமிருந்து எடுக்கிறோம், அந்தக் கோணத்தில் பிளவு கோடாகத் தெரியாது. ஆனால் சந்தேகப்பட முன்னாலேயே காரணம் கிடைக்கும். கடித்துவிட்டு வாயைத் திறக்கும் கணத்தில் சுரீரென்று வலித்தால் அது ஒன்று. ஈறைச் சுற்றி அளக்கும்போது மற்ற இடமெல்லாம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கும் கம்பி, ஒரே ஒரு இடத்தில் மட்டும் குறுகலாக ஏழெட்டு மில்லிமீட்டர் இறங்கினால் அது இன்னொன்று. அப்போதே, ஊசிக்கு முன்னால், நான் நோயாளியிடம் இப்படித்தான் கேட்பேன்: "திறந்து நீலச் சாயம் போட்டுப் பார்ப்பேன். விரிசல் மேலோடு நின்றிருந்தால் ரூட் கெனால் செய்து கேப் போடலாம். அடித்தளம் வரை போயிருந்தால் பல் நிற்காது. அப்படி இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடட்டுமா, இல்லை மூடி அனுப்பட்டுமா, நீங்கள் யோசித்துவிட்டு வருகிறீர்களா?" சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

கோர்ட்டு வாசல்:
சட்டப்படி அந்த டாக்டருக்கு ஒன்றும் ஆகாது. சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது: அமெரிக்க பாணியில் எல்லா ஆபத்தையும் ஒப்பிக்க வேண்டியதில்லை, அபூர்வமான ஆபத்துகளைச் சொல்லி நோயாளியைப் பயமுறுத்தத் தேவையில்லை. நடுவில் கூடுதலாக ஏதாவது தேவைப்பட்டால் அதற்கும் சேர்த்து முன்பே ஒரே சம்மதம் வாங்கலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அந்த ஆங்கில வரி அதுதான்.

எண்டோ மாலா:
தீர்ப்பின் அந்தப் பாதி சரி சார். மீதிப் பாதி என்ன? அந்தப் பெண் கையெழுத்துப் போட்டது கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு. மயக்கத்தில் இருந்தபோது வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்தார்கள். செய்த அறுவையில் தப்பில்லை என்று டாக்டர் தரப்பு வாதாடியது. அது செல்லாது, பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவைக்கு ஆகாது என்றது நீதிமன்றம். உயிரையோ உடல்நலத்தையோ காக்க, தள்ளிப்போட முடியாமல் உடனே செய்தாக வேண்டும் என்றால் மட்டும் விதிவிலக்கு. கட்டணத்தையும் இழந்து 25,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்க வேண்டி வந்தது.

சேர்த்து வாங்கும் சம்மதம் செல்லும்தான். ஆனால் இன்னது தேவைப்படலாம் என்று எதிர்பார்த்து அதைச் சொல்லி வாங்க வேண்டும். 'மற்ற சிகிச்சைகள்' என்றால் பல் பிடுங்குவது என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? மாற்று வழி என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும் என்று அதே தீர்ப்பு கேட்கிறது. விரிசல் விட்ட பல் கணத்தில் உயிரை எடுக்காது. ஊசி மரப்புதான், மயக்கமும் இல்லை. நிறுத்தி, எழுந்து உட்காரச் சொல்லிக் கேட்டிருக்கலாம்.

குமரன், உங்களுக்கும் ஒன்று. உங்களைக் கேட்கவில்லை என்பது முக்கியமில்லை. அம்மாவுக்குத் தெளிவு இருக்கிறது, கேட்க வேண்டியது அவரைத்தான். அவரிடம் என்ன கேட்டார்கள்?

சிவகாசி பாண்டி:
இவ்வளவு பேச்சு எதுக்குங்க. ரூட் கெனால், அதுக்கு மேல கேப், அப்புறம் நாலு வருஷத்துல அதுவும் உடையும். பிடுங்கினது நல்லதாப் போச்சு, காசு மிச்சம். எங்க அப்பா எட்டுப் பல்லைப் பிடுங்கிட்டு நல்லாத்தான் இருக்காரு.

எண்டோ மாலா:
உங்கள் அப்பா அந்தக் கணக்கைத் தெரிந்து முடிவெடுத்திருந்தால் எனக்கு மறுபேச்சே இல்லை. எடுத்த இடத்தை அப்படியே விட்டால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் நீளும், இதெல்லாம் மெதுவாக நடக்கும். சிலர் அதைத் தெரிந்தே ஏற்றுக்கொள்வார்கள். அது அவர்கள் பாடு.

குமரன்:
அம்மாவிடம் கேட்டேன். வாயில் ரப்பர் ஷீட் மாட்டியிருந்தார்களாம். டாக்டர் "பல்லு போச்சும்மா, எடுத்துரலாமா" என்றாராம். இவர் "ம்" என்றாராம். "டாக்டர் சொன்னா சரியாத்தானே இருக்கும்" என்கிறார்.

டவுன் டென்டிஸ்ட்:
பார்த்தீர்களா, கேட்டிருக்கிறார்! இதுக்கு மேல் என்ன வேண்டும்?

எண்டோ மாலா:
கேட்டிருக்கிறார், அதற்கு அவருக்கு ஒரு மதிப்பெண். முதலில் குமரன் சொன்னதைப் பார்த்தால் அதுகூட இல்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் வாயைக் கட்டிப்போட்டு, முதுகைச் சாய்த்து வைத்துக் கேட்ட கேள்விக்கு வேறு என்ன பதில் வரும்? "வேண்டாம், மூடி அனுப்புங்கள்" என்ற வழி இருப்பதே அவருக்குச் சொல்லப்படவில்லை.

ரேவதி:
மூடி அனுப்பினால் எல்லாம் சுகம் என்று நினைக்காதீர்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. பாதியில் நிறுத்தி, "வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்" என்று தற்காலிக சிமெண்ட் வைத்து அனுப்பினார் ஒரு நல்ல மனிதர். வெள்ளிக்கிழமை சாயங்காலம். சனிக்கிழமை கன்னம் வீங்கி, திங்கட்கிழமை வரை தூக்கமே இல்லை. அன்றைக்கே எடுத்திருந்தால் தேவலை என்று அழுதேன். அந்த அம்மா இடத்தில் நான் இருந்தால் நானும் "ம்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

எண்டோ மாலா:
நடக்கக்கூடியதுதான் ரேவதி. நரம்பு உயிரோடு இருந்து அதைச் சுத்தமாக எடுத்துவிட்டால் வலி பெரும்பாலும் அடங்கும். உள்ளே ஏற்கெனவே சீழ் பிடித்திருந்தால் மூடிய பிறகு வீங்கலாம். ஆகவே மூடி அனுப்புகிறவரும் அதைச் சொல்லி, வலி மாத்திரை எழுதி, வீங்கினால் யாரைக் கூப்பிடுவது என்று போன் நம்பர் கொடுத்து அனுப்ப வேண்டும். உங்களுக்கு அதைச் சொன்னார்களா?

ரேவதி:
இல்லை. நம்பரும் இல்லை.

குமரன்:
இன்னொன்று கேட்கிறேன். அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் எலும்புக்கு ஒரு மாத்திரை போடுவார். வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு, அரை மணி நேரம் படுக்கக் கூடாது என்று சொல்லி மூன்று வருடமாகக் கொடுக்கிறார்கள். கிளினிக்கில் சுகர், பிரஷர் உண்டா என்று மட்டும் கேட்டார்கள். இதற்கும் பல்லுக்கும் சம்பந்தம் உண்டா?

எண்டோ மாலா:
உண்டு. நீங்கள் சொல்லும் விதத்தைப் பார்த்தால் அலெண்ட்ரோனேட் வகையாக இருக்கலாம், அட்டையைப் பாருங்கள். எலும்பு தேய்வதைத் தடுக்கும் மருந்து அது. தாடை எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதையும் அது மெதுவாக்கும். பல் எடுத்த குழி சிலருக்கு மூடாமல், எலும்பு வெளியே தெரிந்தபடி நின்றுவிடும். வார மாத்திரையில், அதுவும் மூன்று வருடத்தில், வாய்ப்பு மிகக் குறைவு. பயப்பட வேண்டாம். புற்றுநோய்க்கு இதே வகை மருந்தை ஊசியாகப் போடுகிறவர்களுக்குத்தான் ஆபத்து கணிசமாகக் கூடும்.

ஆனாலும் இந்த மருந்து சாப்பிடுகிறவருக்கு, காப்பாற்ற முடிகிற பல் என்றால், பிடுங்குவதைவிட ரூட் கெனாலுக்கே முதலிடம் கொடுப்போம். உங்கள் அம்மா விஷயத்தில் பல் போயே ஆக வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் "இந்த மாத்திரையால் குழி ஆற நாளாகலாம், இன்னின்ன பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எடுப்பதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வார மாத்திரையைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், அது நோய்க்கான மருந்து என்றே அவர்கள் நினைப்பதில்லை. நாம்தான் "எலும்புக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறீர்களா?" என்று பேர் சொல்லிக் கேட்க வேண்டும்.

டவுன் டென்டிஸ்ட்:
இதில் நான் வாதாட மாட்டேன். அந்தக் கேள்வி எங்கள் ஃபாரத்தில் இருக்கிறது, எல்லா இடத்திலும் இருக்க வேண்டும். மற்றபடி என் கருத்து மாறவில்லை. ஒரு நாளைக்கு முப்பது பேர் பார்க்கிற இடத்தில், திறந்த பிறகு ஒவ்வொரு தடவையும் ரப்பரைக் கழற்றி, சேரை நிமிர்த்தி, வகுப்பு எடுக்க முடியாது.

எண்டோ மாலா:
அதனால்தான் ஊசிக்கு முன்னால் கேளுங்கள் என்கிறேன். அப்போது ரப்பரும் இல்லை, சேரும் நிமிர்ந்திருக்கிறது.

கோர்ட்டு வாசல்:
அந்த "ம்" பற்றி யோசித்துப் பார்த்தேன். நுகர்வோர் ஆணையத்தில் இதை இரண்டு பக்கமும் வாதாடலாம். கேஸ் ஷீட்டில் டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்பதில்தான் நிற்கும். 'விரிசல் காட்டப்பட்டது, வழிகள் விளக்கப்பட்டன, நோயாளி எடுக்கச் சொன்னார்' என்று அன்றைக்கே எழுதியிருந்தால் அது ஒரு கதை. எதுவும் எழுதாமல் அந்த அச்சடித்த வரியை மட்டும் நம்பியிருந்தால் வேறு கதை. ஷீட், எக்ஸ்ரே இரண்டுக்கும் நகல் கேளுங்கள் குமரன்.

குமரன்:
கேஸ் போட அம்மா விடமாட்டார், நகல் கேட்டு வைக்கிறேன். அட்டையைப் பார்த்தேன், மாலா டாக்டர் சொன்ன பேர்தான், 70 மில்லிகிராம். வரும் ஞாயிறு மாத்திரையைக் கொடுக்கலாமா, நிறுத்தவா? பல் எடுத்துப் பதினோரு நாள் ஆகிறது. வலி இல்லை, வாடையும் இல்லை.

எண்டோ மாலா:
நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த மருந்து எலும்பில் வருடக்கணக்கில் தங்கும், ஒரு ஞாயிறு விட்டால் பல் குழிக்கு ஒரு நன்மையும் இல்லை. நீங்களாக நிறுத்திக்கொண்டே போனால் இடுப்பெலும்புக்குத்தான் நஷ்டம். எழுதிக் கொடுத்த எலும்பு டாக்டரிடம் பல் எடுத்ததைச் சொல்லி அவர் சொல்வதைக் கேளுங்கள். வாரம் ஒரு முறை டார்ச் அடித்துக் குழியைப் பாருங்கள். சதை மூடி வந்தால் சரி. மஞ்சளாகவோ வெள்ளையாகவோ சொரசொரப்பாக எலும்பு தெரிந்தாலோ, சீழ் வந்தாலோ, கீழுதடு மரத்தாலோ உடனே வாய் அறுவை நிபுணரிடம் போங்கள். எட்டு வாரம் தாண்டியும் எலும்பு தெரிந்தால்தான் மருந்தால் வந்த தாடை எலும்புச் சிதைவு என்று பேர் வைப்பார்கள். ஆனால் நீங்கள் எட்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை.