சிக்னல் பச்சையானதும் தெரிந்துவிட்டது: இந்தக் கேள்விக்கு விடை ஒன்றா, இரண்டா?

தேன்மொழி
இறுதியாண்டு மருத்துவ மாணவர்களுக்காக, மனநிலைப் பரிசோதனையில் ஒரு கேள்வி எழுதியிருக்கிறேன். பொய்த்தெரிவுகளும் விளக்கமும் சரியாக இருக்கின்றனவா?

"32 வயது ஆண். 'சிக்னல் பச்சைக்கு மாறியது. உலகத்தைக் காக்கும் பொறுப்பு எனக்குத்தான் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது' என்கிறார். இது எது?
அ) இல்யூஷன்
ஆ) விஷுவல் ஹாலுசினேஷன்
இ) டெல்யூஷனல் பெர்செப்ஷன்
ஈ) டெல்யூஷன் ஆஃப் ரெஃபரன்ஸ்
உ) ஃபார்மல் தாட் டிஸார்டர்"

விடை: இ. விளக்கம்: ஷ்னைடரின் முதல்தர அறிகுறி, ஆகவே ஸ்கிசோஃப்ரினியா.

சரவணன்
உலகத்தைக் காக்கிறேன் என்பது தற்பெருமை எண்ணம். மேனியாவாகவும் இருக்கலாமே? தெரிவுகளில் மேனியாவே இல்லை. அதைச் சேர்த்தால்தான் மாணவர் யோசிப்பார். நான் எழுதும் கேள்விகளில் நோயின் பெயர் ஒன்றாவது இருக்கும்.

கோமதி
சரவணன் சார், கேட்டிருப்பது நோயை அல்ல, அந்த அனுபவத்தின் பெயரை. நான்கு அறிகுறிகளுக்கு நடுவில் ஒரு நோயை வைத்தால், ஒன்றுமே படிக்காதவர்கூட "இது மட்டும் வேறு இனம்" என்று ஒதுக்கிவிடுவார். ஆனால் உங்கள் சந்தேகத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. டெல்யூஷனல் பெர்செப்ஷன் மேனியாவிலும் வரும். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5, முதல்தரக் குரல்களுக்கும் விசித்திரமான டெல்யூஷன்களுக்கும் தந்திருந்த தனி மதிப்பை நீக்கிவிட்டது. ஆகவே விளக்கத்தில் இருக்கும் "ஆகவே ஸ்கிசோஃப்ரினியா" போகத்தான் வேண்டும்.

தேன்மொழி, பெரிய சிக்கல் ஈ-யில் இருக்கிறது. சிக்னல் தனக்காக மாறியது என்று அவர் எடுத்துக்கொள்கிறார் என்றால் அது ரெஃபரன்ஸ்தானே? நன்றாகப் படித்தவர்தான் இங்கே தடுமாறுவார். கேள்விக்கு இரண்டு விடை இருக்கிறது.

இளங்கோ
இதை ஏற்க முடியவில்லை மேடம். "மிகப் பொருத்தமான ஒரே விடை" என்ற வகையில் மற்றத் தெரிவுகளும் ஓரளவு சரியாக இருக்கலாம், அதுதான் அந்த வகையின் பலம். கடைசி வரியில் "மிகத் துல்லியமாக விவரிப்பது எது" என்று போட்டால் ஈ இருக்கலாம். அதை எடுத்துவிட்டால் கேள்வி சப்பென்று ஆகிவிடும்.

கோமதி
ஓரளவு சரியான தெரிவு இருக்கலாம் என்பது உண்மை. ஆனால் எல்லாத் தெரிவுகளையும் ஒரே அளவுகோலில் வரிசைப்படுத்த முடிய வேண்டும். "முதலில் செய்ய வேண்டியது எது" என்றால் முடியும். இங்கே இ என்பது நம்பிக்கை எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்கிறது. ஈ என்பது அந்த நம்பிக்கை எதைப் பற்றியது என்பதைச் சொல்கிறது. ஒரே அனுபவத்துக்கு இரண்டு பெயரும் முழுதாகப் பொருந்தும். எது துல்லியம் என்று கேட்பதில் பொருளில்லை.

தேர்வுக்குப் பிறகும் இதைக் கண்டுபிடிக்கலாம். 100 பேர் எழுதினால் மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 பேரையும் கீழே உள்ள 27 பேரையும் தனியே எடுங்கள். ஈ-யைக் கீழே 5 பேரும் மேலே 12 பேரும் தேர்ந்தெடுத்திருந்தால், பிழை மாணவரிடம் இல்லை, தெரிவில் இருக்கிறது. நல்ல பொய்த்தெரிவு கீழே உள்ளவர்களைத்தான் அதிகம் இழுக்கும்.

இளங்கோ
அளவுகோல் விஷயம் சரி. அப்படியென்றால் ஈ-க்குப் பதில் என்ன வைப்பீர்கள்? மீதி எல்லாம் சுலபமாக விழுந்துவிடும். அவர் பேச்சு கோர்வையாக இருக்கிறது, உ-வை யாரும் தொட மாட்டார்கள்.

கோமதி
உ பற்றிச் சொன்னது மிகச் சரி. 5 சதவீதம் பேர்கூடத் தொடாத தெரிவு வெறும் இடத்தை அடைக்கிறது.

மாணவர் எந்த இடத்தில் சறுக்குவார் என்பதிலிருந்து தெரிவுகளை எடுக்கலாம். டெல்யூஷனல் பெர்செப்ஷனுக்கு இரண்டு படி: இயல்பான ஒரு புலனுணர்வு, அதற்கு உடனே ஒட்டிக்கொள்ளும் பிறழ்ந்த அர்த்தம். முதல் படியைக் கவனிக்காதவர், எதுவும் தூண்டாமல் திடீரென முளைக்கும் ஆட்டோக்தனஸ் டெல்யூஷனைப் பிடிப்பார். முதல் படியே பிறழ்ந்தது என்று நினைப்பவர் இல்யூஷனுக்குப் போவார். நிஜத் தூண்டலும் அசாதாரண அனுபவமும் ஒன்றாக வந்தால் போதும் என்று நினைப்பவர் ஃபங்ஷனல் ஹாலுசினேஷனைத் தேர்வார். அர்த்தம் இன்னும் உருவாகாத நிலையோடு குழப்புபவருக்கு டெல்யூஷனல் மூட். ஒவ்வொரு தெரிவும் ஒரு குறிப்பிட்ட தவறான புரிதலுக்கு உரியது.

தேன்மொழி
அப்படியானால் இவற்றை விலக்குவதற்கான தகவல் கேள்வியிலேயே இருக்க வேண்டுமே? "குரல் கேட்கவில்லை, இல்யூஷன் இல்லை" என்று அடுக்கினால் விடை தெரிந்துவிடாதா?

கோமதி
மருத்துவர் குறிப்பாக எழுதினால் தெரிந்துவிடும், நோயாளியின் வாயால் சொல்லவையுங்கள். இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. உலகத்தைக் காக்கப் பிறந்தவன் என்று அவர் முன்பே நம்பியிருந்து, சிக்னலை அதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டால், அது ஏற்கெனவே உள்ள டெல்யூஷனை வைத்துச் செய்த தவறான விளக்கம்தான், டெல்யூஷனல் பெர்செப்ஷன் அல்ல. உங்கள் வரைவில் அதை மறுக்க ஒரு சொல்லும் இல்லை.

தேன்மொழி
திருத்திய வடிவம்:

"32 வயது ஆண் சொல்கிறார்: 'சில நாளாகவே ஏதோ நடக்கப்போகிறது என்று இருந்தது, என்னவென்று தெரியவில்லை. நேற்று சிக்னல் பச்சைக்கு மாறியது. எல்லோருக்கும் மாறுகிற மாதிரிதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதைப் பார்த்ததும், உலகத்தைக் காக்கும் பொறுப்பு எனக்கு என்று தெரிந்துவிட்டது. அதுவரை அப்படி நினைத்ததே இல்லை.' நேற்றைய அனுபவம் எது?
அ) ஆட்டோக்தனஸ் டெல்யூஷன்
ஆ) இல்யூஷன்
இ) டெல்யூஷனல் பெர்செப்ஷன்
ஈ) டெல்யூஷனல் மூட்
உ) ஃபங்ஷனல் ஹாலுசினேஷன்"

விளக்கம்: விடை இ. விளக்கை உள்ளபடியே பார்த்தார், பிறழ்ந்தது அதற்கு அவர் கொடுத்த அர்த்தம். சிக்னலே இல்லாமல் அந்த எண்ணம் திடீரென உறுதியாகத் தோன்றியிருந்தால் அ. விளக்குக் கம்பம் அவருக்கு ஒரு மனிதனாகத் தெரிந்திருந்தால் ஆ. "ஏதோ நடக்கப்போகிறது" என்பதோடு நின்றிருந்தால் ஈ. குழாயில் தண்ணீர் விழும் ஓசை கேட்கும்போது மட்டும், அந்த ஓசையோடு சேர்ந்து ஒரு குரலும் கேட்டிருந்தால் உ.

கோமதி
விளக்கம் இப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு தெரிவு ஏன் தவறு என்பதோடு, எது மாறினால் அது சரியாகும் என்பதும் இருக்கிறது. தெரிவுகளை மூடிவைத்து, கேள்வியை மட்டும் சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுங்கள். அவர் தானாகவே இ-யைச் சொல்லாவிட்டால் கதையில் இன்னும் ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

ஒரு சின்னத் திருத்தம். "நேற்றைய அனுபவம்" என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். அவசரத்தில் வாசிப்பவர் முதல் வரியைப் பார்த்தே ஈ-யைத் தொட்டுவிடுவார். அப்புறம் அது வாசிப்பு வேகத்தைச் சோதித்ததாகிவிடும்.

இளங்கோ
முதல் வரியையே எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. தடித்த எழுத்து அந்தப் பொறியைச் சரிசெய்யாது, சுட்டிக்காட்டத்தான் செய்யும்.

கோமதி
எடுத்தால் ஈ செத்துவிடும். டெல்யூஷனல் மூட் முன்னால் வருவது நிஜ நோயாளிகளிடம் காண்பதுதான், அதை மாணவர் பிரித்தறிய வேண்டும். வரி இருக்கட்டும் என்பேன்.

சரவணன்
ஆட்டோக்தனஸ் என்ற சொல்லை இறுதியாண்டில் எத்தனை பேர் அறிவார்கள்? பெயர் தெரியாததால் ஒதுக்கினால் அதுவும் வேலை செய்யாத தெரிவுதான். நான்கு தெரிவோடு நிறுத்தலாம்.

தேன்மொழி
ஐந்து கட்டாயம் என்று எங்கள் வினாத்தாள் விதி சொல்கிறது. "தூண்டலின்றித் திடீரெனத் தோன்றும் டெல்யூஷன்" என்று விரித்து எழுதலாமா?

இளங்கோ
அப்போது அது ஒன்று மட்டும் நீளமாகவும் வரையறையாகவும் நிற்கும். விரித்தால் ஐந்தையும் விரிக்க வேண்டும். அப்படிச் செய்தால் கேள்வி பெயரைக் கேட்காது, புரிதலைக் கேட்கும். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது, கோமதி மேடம் ஒப்புக்கொள்வாரா தெரியவில்லை.

கோமதி
ஒப்புக்கொள்ள மாட்டேன். விரித்து எழுதினால் "இயல்பான புலனுணர்வு, அதற்குப் பிறழ்ந்த அர்த்தம்" என்ற விடை கதையின் மறுபதிப்பாகவே இருக்கும், சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்த்தே எழுதிவிடுவார்கள். இரண்டு வடிவத்தையும் மதிப்பெண் இல்லாத பயிற்சித் தேர்வில் இரண்டு குழுவுக்குக் கொடுத்து, மேல் 27, கீழ் 27 கணக்கைப் பாருங்கள் தேன்மொழி. அ-வை எந்த வடிவத்தில் யார் தொடுகிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.